ஆகஸ்டில் 67, செப்டம்பரில் 65, ஆனாலும் சிவப்பு வரவில்லை: வருகைப்பதிவு அட்டவணையில் எங்கே தவறு?

பாலாற்றங்கரை · திங்கள், இரவு 9.40

வணக்கம். ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாமாண்டு வகுப்புக்கு இந்த வருடம்தான் கிளாஸ் அட்வைசர் ஆனேன். மொத்தம் 58 பேர். வருகைப்பதிவை எக்செல்லில் வைத்திருக்கிறேன். மாதத்துக்கு ஒரு ஷீட். அதில் `C` முதல் `AG` வரை 31 தேதிகள், மாணவர்கள் 5-வது வரிசையிலிருந்து. வந்தால் `P`, வராவிட்டால் `A`. மாத சதவீதத்துக்கு இந்த ஃபார்முலா:

```
=COUNTIF(C5:AG5,"P")/COUNTA(C5:AG5)
```

கடைசியில் ஒரு தொகுப்பு ஷீட். நான்கு மாதச் சதவீதத்தையும் அங்கே இழுத்து வந்து `AVERAGE` எடுக்கிறேன். 75-க்குக் கீழே போனால் பெயர் சிவப்பாகும்.

நேற்று 23-ம் எண் மாணவனின் அம்மா போன் செய்தார். பையன் அடிக்கடி வகுப்புக்குப் போவதில்லை என்று தெரிந்துகொண்டு, பரீட்சை எழுத விடுவார்களா என்று கேட்டார். தொகுப்பில் 76 என்று இருந்தது. "பிரச்சினை இல்லைம்மா" என்று சொல்லிவிட்டேன். அப்புறம் மாத ஷீட்டைத் திறந்து பார்த்தால் மனசுக்குச் சரியாகப் படவில்லை. ஆகஸ்டில் 67, செப்டம்பரில் 65, அக்டோபரில் 71. ஜூலையில் மட்டும் 100. இது எப்படி 76 ஆகும்? ஃபார்முலா தவறா, இல்லை நான் புரிந்துகொண்டது தவறா?

---

விரிதாள்விரும்பி · திங்கள், இரவு 10.05

ஃபார்முலாவில் தவறு எதுவும் இல்லை. 100, 67, 65, 71, நான்கையும் கூட்டி 4-ஆல் வகுத்தால் 75.8 வரும். எக்செல் சரியாகத்தான் சொல்கிறது. பையன் ஜூலையில் ஒரு நாள்கூட விடாமல் வந்திருக்கிறான், அதன் பலன் அவனுக்குக் கிடைக்கிறது. நானும் நான்கு வருடமாக எங்கள் நிறுவனத்தில் ஊழியர் வருகைக்கு இப்படித்தான் போடுகிறேன், ஒரு புகாரும் வந்ததில்லை.

சிவப்பு மட்டும் போதாது என்று தோன்றினால் 75 முதல் 80 வரை மஞ்சள் வையுங்கள்.

---

பழையரிஜிஸ்டர் · செவ்வாய், காலை 6.20

தம்பி, இரவே பார்த்தேன், காலையில் நிதானமாக எழுதலாம் என்று விட்டுவிட்டேன். கல்லூரி அலுவலகத்தில் 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன்.

விரிதாள்விரும்பி சொன்ன கூட்டல் சரி. ஆனால் கூட்டக் கூடாததைக் கூட்டியிருக்கிறீர்கள். ஜூலையில் உங்கள் கல்லூரி எத்தனை நாள் நடந்தது? ஒவ்வொரு மாதமும் வேலை நாள் எத்தனை, பையன் வந்தது எத்தனை என்று போடுங்கள். சதவீதம் வேண்டாம், நாள் கணக்கு மட்டும்.

---

பாலாற்றங்கரை · செவ்வாய், காலை 8.10

ஐயா, இதோ:

ஜூலை: வேலை நாள் 6, வந்தது 6
ஆகஸ்ட்: 21, வந்தது 14
செப்டம்பர்: 20, வந்தது 13
அக்டோபர்: 14, வந்தது 10

ஜூலையில் கடைசி வாரம்தான் வகுப்பு தொடங்கியது. அக்டோபரில் ஆயுத பூஜை, தீபாவளி விடுமுறை போக 14.

---

பழையரிஜிஸ்டர் · செவ்வாய், காலை 8.55

இப்போது நீங்களே பார்க்கலாம். மொத்த வேலை நாள் 61. பையன் வந்தது 43. 43-ஐ 61-ஆல் வகுத்தால் 70.5 சதவீதம். 76 இல்லை.

ஜூலையின் 6 நாளுக்கும் ஆகஸ்டின் 21 நாளுக்கும் `AVERAGE` ஒரே எடை கொடுத்துவிட்டது. அந்த ஆறு நாள், கணக்கில் கால் பங்கு ஆகிவிட்டது. உண்மையில் அது 61-இல் 6, பத்தில் ஒரு பங்குதான்.

நாங்கள் காகித ரிஜிஸ்டர் எழுதிய காலத்தில் இந்தத் தவறு வர வழியே இல்லை. ஒவ்வொரு மாதப் பக்கத்தின் கடைசியிலும் மூன்று பத்தி இருக்கும். சென்ற மாதம் வரை, இந்த மாதம், ஆக மொத்தம். மூன்றிலும் நாள் எண்ணிக்கைதான் எழுதுவோம். மாதம் திரும்பும்போது "ஆக மொத்தம்" அடுத்த பக்கத்தில் "சென்ற மாதம் வரை" என்று போய் உட்காரும். சதவீதத்தை யாரும் பக்கம் விட்டுப் பக்கம் கொண்டுபோனதில்லை. கேட்டால் கடைசியில் ஒரே ஒரு தடவை வகுத்துச் சொல்வோம். எக்செல்லுக்கு வந்தபோது அந்த மூன்று பத்தியை விட்டுவிட்டோம், சதவீதம் சுலபமாக வருகிறது என்பதால் அதையே தூக்கிக்கொண்டு திரிகிறோம்.

உங்கள் பட்டியலில் இதற்கு நேர்மாறாகவும் ஒருவர் இருப்பார். தேடிப் பாருங்கள்.

---

விரிதாள்விரும்பி · செவ்வாய், காலை 9.30

ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. எங்கள் நிறுவனத்தில் எல்லா மாதமும் 25, 26 வேலை நாள். அதனால் சராசரிக்கும் மொத்தக் கணக்குக்கும் வித்தியாசம் தெரிந்ததே இல்லை. எல்லா மாதமும் ஒரே நாள் எண்ணிக்கை என்றால் இரண்டும் ஒரே விடைதான், அந்த அளவுக்கு நான் சொன்னது சரி. கல்லூரிக்கு ஒத்துவராது.

---

பாலாற்றங்கரை · செவ்வாய், மதியம் 1.15

இருக்கிறார் ஐயா. 41-ம் எண் மாணவி. ஜூலையில் அம்மை போட்டிருந்ததால் 6 நாளில் 2 நாள்தான் வந்தார். அப்புறம் ஆகஸ்டில் 18, செப்டம்பரில் 17, அக்டோபரில் 12. என் தொகுப்பில் 72 என்று சிவப்பாக இருந்தார். நாளைக் கூட்டினால் 49. 61-இல் 49 என்றால் 80 சதவீதம்.

போன வாரம் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு மருத்துவச் சான்றிதழ் கொண்டு வரச் சொல்லியிருந்தேன். இன்று காலையில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். 23-ம் எண் பையனின் அம்மாவுக்கும் போன் செய்து சொல்லிவிட்டேன். அந்த அழைப்பு கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

---

சாக்பீஸ்_டீச்சர் · செவ்வாய், மாலை 5.40

நான் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு எடுக்கிறேன். எங்களுக்கு இப்போது அட்டென்டன்ஸ் செயலியிலேயே போய்விடுகிறது, கையெழுத்து ரிஜிஸ்டரும் வைத்திருக்கிறோம். அதில் காலைக்கு ஒரு சாய்கோடு, மதியத்துக்கு எதிர்ச்சாய்கோடு. இரண்டும் சேர்ந்து பெருக்கல் குறி ஆனால் முழு நாள். ஒரு கோடு மட்டும் நின்றால் அரை நாள் என்று கண்ணுக்கே தெரியும்.

எனக்கு ஒன்று புரியவில்லை. 75-க்குக் கீழே போனபின் சிவப்பு போட்டு என்ன செய்வீர்கள்? எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளை தொடர்ந்து மூன்று நாள் வரவில்லை என்றாலே வீட்டுக்குப் போய்விடுவேன். சதவீதம் குறையும் வரை காத்திருந்தால் பிள்ளை ஏதாவது வேலைக்குப் போயிருக்கும். உங்கள் அட்டவணையில் "தொடர்ந்து எத்தனை நாள் வரவில்லை" என்று ஒரு பத்தி வையுங்கள் சார்.

---

பாலாற்றங்கரை · செவ்வாய், மாலை 6.30

டீச்சர், எங்களுக்கு 75 என்பது பரீட்சைக்கு அனுமதிக்கும் எல்லை, அதனால் அதைத் தனியாகக் கணக்கிட்டே ஆகவேண்டும். ஆனால் நீங்கள் சொல்வதும் எனக்கு வேண்டும்தான். அரை நாள் விஷயத்தையும் நான் யோசிக்கவில்லை. மதியத்துக்கு மேல் போய்விடுகிறவர்களுக்கும் `P`தான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

---

பழையரிஜிஸ்டர் · செவ்வாய், இரவு 8.15

தொகுப்பைச் சரிசெய்யும் முன் மாத ஷீட்டை ஒரு சோதனை போடுங்கள். செப்டம்பர் ஷீட்டில் காலியாக இருக்கும் ஒரு பத்தியில் `=COUNTA(C5:AG5)` மட்டும் எழுதி 58 வரிசைக்கும் இழுங்கள். எல்லாருக்கும் 20 வரவேண்டும். வருகிறதா?

---

பாலாற்றங்கரை · செவ்வாய், இரவு 9.05

வரவில்லை. ஒன்பது பேருக்கு 17, 18 என்று இருக்கிறது. இரண்டு பேருக்கு 22.

காரணமும் தெரிந்துவிட்டது. சில நாள் வேறு ஒருவர் பதிவு செய்தார். அவர் வந்தவர்களுக்கு மட்டும் `P` போட்டுவிட்டு வராதவர்களைக் காலியாக விட்டிருக்கிறார். காலி செல்லை `COUNTA` எண்ணாது, அதனால் வராத நாள் வகுக்கும் எண்ணிலிருந்தே காணாமல் போய் சதவீதம் ஏறிவிட்டது. 22 வந்த இரண்டு பேருக்கு `P`-ஐ மௌஸால் இழுத்தபோது ஞாயிற்றுக்கிழமையிலும் விழுந்திருக்கிறது.

---

பழையரிஜிஸ்டர் · செவ்வாய், இரவு 9.50

நினைத்தது சரிதான். வேலை நாள் எத்தனை என்பதை மாணவனின் வரிசையிலிருந்து எண்ணவே கூடாது. அது கல்லூரியின் கணக்கு, 58 பேருக்கும் ஒன்றுதான். ஆகவே 4-வது வரிசையை அதற்கு ஒதுக்குங்கள். கல்லூரி நடந்த தேதிக்கு 1, விடுமுறைக்குக் காலி. மாணவன் வரிசையில் `P`, அரை நாளுக்கு `HD`, ஆன் டியூட்டிக்கு `OD`, வராவிட்டால் `A`. பிறகு வந்த நாள் எண்ணிக்கைக்கு:

```
=SUMPRODUCT(((C5:AG5="P")+(C5:AG5="OD")
 +0.5*(C5:AG5="HD"))*$C$4:$AG$4)
```

ஒவ்வொரு செல்லையும் அந்தத் தேதியின் 1-ஆல் பெருக்கிக் கூட்டுகிறது. ஞாயிறு காலியாக இருப்பதால் அங்கே `P` விழுந்தாலும் பூஜ்யம் ஆகிவிடும். வேலை நாளுக்கு `=SUM($C$4:$AG$4)`. இந்த மாதச் சதவீதம் இரண்டையும் வகுத்தது.

தொகுப்பு ஷீட்டுக்கு நாள் எண்ணிக்கை மட்டும் வரட்டும். `C` முதல் `F` வரை நான்கு மாதம், 4-வது வரிசையில் அந்தந்த மாத வேலை நாள். `G5`-இல் `=SUM(C5:F5)`, `H5`-இல்:

```
=G5/SUM($C$4:$F$4)
```

மாதச் சதவீதத்தைத் தூக்கி எறிய வேண்டாம். வீட்டுக்கு எழுதும் கடிதத்தில் அதைப் போடுங்கள், இந்த மாதம் பையன் எப்படி என்று அது சொல்லும். பரீட்சைக்கு உண்டா இல்லையா என்பதை `H` பத்தி மட்டும் சொல்லட்டும்.

ஒரு எச்சரிக்கை. `P`-க்குப் பின்னால் ஓர் இடைவெளி விழுந்தாலும் அது `P` ஆகாது. கண்ணுக்குத் தெரியாது, மாணவனுக்கு ஒரு நாள் போய்விடும். அதனால் அந்த செல்களுக்கு Data Validation-இல் நான்கு குறிகளை மட்டும் பட்டியலாகக் கொடுத்துவிடுங்கள்.

---

பாலாற்றங்கரை · புதன், இரவு 7.20

எல்லாம் மாற்றிவிட்டேன். அரை நாள்களையும் பாட ஆசிரியர்களின் பதிவேட்டை வைத்துத் திருத்தினேன். நல்லவேளை, 23-க்கும் 41-க்கும் அரை நாள் எதுவும் இல்லை, கணக்கு மாறவில்லை.

புதிதாக ஒரு சிக்கல். 12-ம் எண் மாணவனுக்கு 45.5 நாள். திரையில் 75% என்று தெரிகிறது, ஆனால் பெயர் சிவப்பாக இருக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் ஷீட் கெட்டுவிட்டது என்கிறார்கள்.

---

விரிதாள்விரும்பி · புதன், இரவு 7.45

இது என் பக்கம். 45.5-ஐ 61-ஆல் வகுத்தால் 74.59. செல்லின் வடிவமைப்பு தசமத்தை மறைத்து 75 என்று காட்டுகிறது, உள்ளே இருப்பது 74.59தான். சிவப்பு விதி உள்ளே இருப்பதைப் பார்க்கிறது. காட்டுவதும் ஒப்பிடுவதும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு தசமம் காட்டுங்கள். இல்லாவிட்டால் `ROUND` போட்டுவிட்டு ஒப்பிடுங்கள். எது என்பதை எக்செல் முடிவு செய்யாது, உங்கள் விதிதான் முடிவு செய்யும்.

---

பழையரிஜிஸ்டர் · புதன், இரவு 8.30

விதியில் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளுக்கான 2021 ஒழுங்குமுறையில், 75 சதவீதம் என்பது அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றிய பிறகு என்று சொல்லியிருக்கிறார்கள். அப்படியென்றால் 74.59 உடைய பையன் தேறிவிட்டான். 65 முதல் 74 வரை உள்ளவர்கள் உடல்நலம் அல்லது விளையாட்டுக்கான சான்றிதழ் தந்தால் எழுதலாம். தன்னாட்சிக் கல்லூரி என்றால் அவர்களுடைய ஒழுங்குமுறையை எடுத்துப் பாருங்கள், அதில் வேறு வாசகம் இருக்கலாம்.

உங்கள் கல்லூரி இணைப்புக் கல்லூரி என்றால் கொடிப் பத்தி இப்படி:

```
=IF(ROUND(H5,2)>=0.75,"",
 IF(ROUND(H5,2)>=0.65,"சான்றிதழ்","தகுதியில்லை"))
```

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். முதல்வர் மேசைக்குப் போகும் பிரதி கறுப்பு வெள்ளைதான், சிவப்பும் சாம்பல், மஞ்சளும் சாம்பல். சொல் இருந்தால் அச்சிலும் தெரியும், வடிகட்டவும் முடியும்.

---

விரிதாள்விரும்பி · புதன், இரவு 8.40

நிறமும் வேண்டும் என்றால் `A5:I62` முழுவதையும் தேர்ந்தெடுத்து விதியாக `=ROUND($H5,2)<0.75` கொடுங்கள். `H`-க்கு முன்னால் உள்ள டாலர் குறியை விட்டால், ஒவ்வொரு பத்தியும் தனக்கு வலப்பக்கம் உள்ள வேறு ஒன்றைப் பார்க்கத் தொடங்கும். வரிசையில் அங்கங்கே திட்டுத்திட்டாகச் சிவப்பு வந்தால் அதுதான் காரணம்.

---

பாலாற்றங்கரை · புதன், இரவு 9.25

இணைப்புக் கல்லூரிதான் ஐயா. ஆனால் எங்கள் துறைத்தலைவர் "74.59 என்றால் 75 இல்லை" என்கிறார். ஒழுங்குமுறையின் பக்கத்தை நாளை அச்செடுத்துக் காட்டுகிறேன். இன்னொன்று, 64.6 உள்ளவரையும் 65 என்று எடுக்கலாமா? உங்கள் ஃபார்முலா எடுத்துக்கொள்கிறது.

---

பழையரிஜிஸ்டர் · புதன், இரவு 9.50

அதை நான் சொல்லக் கூடாது தம்பி. ஃபார்முலா வசதிக்காக அப்படி எழுதிவிட்டேன். அப்படி ஒருவர் இருந்தால் தனியாகக் குறித்து, முதல்வர் வழியாகப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேளுங்கள். ஒரு மாணவனின் பருவத்தை ஒரு ஃபார்முலா முடிவு செய்ய விடாதீர்கள்.

---

கபடிக்கட்டம் · வியாழன், நள்ளிரவு 12.30

நான் மாணவன். எங்கள் கல்லூரியில் இதே மாதிரி ஒரு சிவப்புப் பட்டியலில் போன பருவத்தில் என் பெயர் இருந்தது. கல்லூரிக்காகத்தான் கபடி ஆடப் போனேன், மொத்தம் 6 நாள். ஆன் டியூட்டிக் கடிதம் உடற்கல்வி இயக்குநரின் கையெழுத்தோடு துறை அலுவலகத்தில் கொடுத்தாயிற்று. யாரும் ஷீட்டில் ஏற்றவில்லை. அறிவிப்புப் பலகையில் என் பெயரைப் பார்த்து அப்பாவிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். இரண்டு வாரம் அலைந்துதான் சரியானது.

சார், உங்கள் ஷீட்டில் `A` என்று இருப்பதெல்லாம் வீட்டில் தூங்கியது ஆகாது. கடிதம் கொடுத்து இன்னும் ஏறாத நாளை எப்படிக் காட்டுவீர்கள்?

---

பாலாற்றங்கரை · வியாழன், காலை 7.50

தம்பி, நீ சொன்னது எனக்கும் பொருந்தும். என் மேசையிலேயே நான்கு கடிதம் ஏற்றாமல் இருக்கிறது. இன்று ஏற்றிவிடுகிறேன். தொகுப்பு ஷீட்டின் `K`-இல் "நிலுவையில் உள்ள கடிதம்" என்று ஒரு பத்தி சேர்க்கிறேன், கடிதம் கைக்கு வந்த அன்றே நாள் எண்ணிக்கையோடு குறித்துவிடுவேன். அந்தப் பத்தியில் எண் உள்ளவர்களின் பெயர் பலகைக்குப் போகாது.

---

சாக்பீஸ்_டீச்சர் · வியாழன், காலை 8.20

பலகையில் ஒட்டவே வேண்டாம் சார். கூப்பிட்டுச் சொல்லுங்கள். இன்னும் நாள் இருக்கும்போதே சொல்லுங்கள்.

---

பழையரிஜிஸ்டர் · வியாழன், காலை 9.10

டீச்சர் சொல்வதற்கு ஒரு பத்தி போதும். இந்தப் பருவத்தில் இன்னும் எத்தனை வேலை நாள் இருக்கிறது?

---

பாலாற்றங்கரை · வியாழன், காலை 10.00

24 நாள். மொத்தம் 85 ஆகும்.

---

பழையரிஜிஸ்டர் · வியாழன், காலை 10.40

அந்த 24-ஐத் தொகுப்பில் `J2`-இல் எழுதுங்கள். `J5`-இல்:

```
=CEILING(0.75*(SUM($C$4:$F$4)+$J$2),1)-G5
```

85-இல் 75 சதவீதம் 63.75, மேலே உள்ள முழு எண் 64. முழு எண்ணுக்கு மாற்றும் சலுகையை இங்கே வேண்டுமென்றே சேர்க்கவில்லை, மாணவனிடம் சொல்லும் எண் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும்.

23-ம் எண் பையனுக்கு 64-இல் 43 போனால் 21. இனி உள்ள 24 நாளில் 21 நாள் வரவேண்டும், மூன்று நாளுக்கு மேல் விடக் கூடாது. "உனக்கு 70.5 சதவீதம்" என்றால் பையனுக்கு ஒன்றும் உறைக்காது. "மூன்று நாள்தான் மிச்சம்" என்றால் புரியும். இடைவிடாமல் வந்தால் 11-வது நாளில் 72-க்கு 54 ஆகி 75-ஐத் தொடுவான், அதையும் சொல்லுங்கள்.

`J` பத்தியில் 24-ஐத் தாண்டிய எண் யாருக்காவது வந்தால், தினமும் வந்தாலும் அவருக்கு 75 கிடைக்காது. அவர்களை முதலில் கூப்பிடுங்கள், ஏனென்றால் சான்றிதழ் வழி ஒன்றுதான் பாக்கி. மருத்துவமனைத் தாளைப் பரீட்சைக்கு முந்தின வாரம் தேடினால் கிடைக்காது.

---

பாலாற்றங்கரை · வெள்ளி, இரவு 8.30

இரண்டு பேருக்கு 24-ஐத் தாண்டியிருக்கிறது. ஒருவரிடம் இன்று பேசினேன். அப்பாவுக்கு டயாலிசிஸ், வாரம் இரண்டு நாள் கூட்டிப் போகிறார். எந்த ஆசிரியருக்கும் இது தெரியாது. 57 சதவீதம். அவருக்கு என்ன வழி என்று முதல்வரிடம் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை.

23-ம் எண் பையன் இரண்டு நாளாக வருகிறான்.

துறைத்தலைவர் ஒழுங்குமுறையைப் படித்துவிட்டு 12-ம் எண்ணை ஒப்புக்கொண்டார். இப்போது வேறு கேட்கிறார்: பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவது பாடவேளைக் கணக்கு, நீங்கள் ஏன் நாள் கணக்கு வைத்திருக்கிறீர்கள் என்று.

---

பழையரிஜிஸ்டர் · வெள்ளி, இரவு 9.00

அவர் கேட்பது நியாயம். அமைப்பை மாற்ற வேண்டியதில்லை. 4-வது வரிசையில் 1-க்குப் பதில் அன்று நடந்த பாடவேளை எண்ணிக்கை, மாணவன் செல்லில் அவன் இருந்த பாடவேளை. வந்த எண்ணிக்கைக்கு மட்டும் பழைய ஃபார்முலாவுக்குப் பதில் `=SUMIF($C$4:$AG$4,">0",C5:AG5)`, Data Validation-இலும் நான்கு குறிகளுக்குப் பதில் எண். கடைசி இரண்டு வேளை போகிறவர்கள் அப்போதுதான் வெளியே வருவார்கள். உழைப்பு அதிகம், பாட ஆசிரியர்கள் எல்லாரும் அன்றன்றைக்குத் தந்தால்தான் நடக்கும்.

---

கபடிக்கட்டம் · வெள்ளி, இரவு 11.15

ஐயாவிடம் ஒரு சந்தேகம். ஆன் டியூட்டி நாளை வந்ததாகச் சேர்க்கிறீர்கள். எங்கள் கல்லூரியில் அந்த நாளை வேலை நாளிலிருந்தே கழிக்கிறார்கள். என் நண்பனுக்கு 61-இல் 40 நாள் வருகை, 6 நாள் ஆன் டியூட்டி. சேர்த்தால் 46/61, 75.4. கழித்தால் 40/55, 72.7. ஒரே பையன், ஒரு முறையில் தேறுகிறான், இன்னொன்றில் இல்லை. எது சரி?

---

பழையரிஜிஸ்டர் · சனி, காலை 6.45

நான் வேலை பார்த்த கல்லூரியில் வந்ததாகச் சேர்ப்போம். கல்லூரி அனுப்பித்தான் போனான், அதனால் வந்தவனுக்குச் சமம் என்பது என் எண்ணம். கழிப்பவர்கள், வகுப்பில் உட்காராத நாளை எந்தப் பக்கமும் எண்ண வேண்டாம் என்று நினைக்கிறார்கள்.

உன் கல்லூரி கழிப்பதற்கு எழுத்தில் ஆணை இருக்கிறதா, அல்லது ஷீட்டை முதலில் எழுதியவர் அப்படி எழுதிவிட்டாரா? அதைக் கேட்டுப் பார் தம்பி.

---

கபடிக்கட்டம் · சனி, காலை 10.20

திங்கள்கிழமை அலுவலகத்தில் கேட்டுவிட்டு எழுதுகிறேன் ஐயா.